கரும்புச்சாறு எத்தனை மணி நேரம் தாங்கும்? – ஒரு வகுப்பறை ஆய்வு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இந்த ஆய்வுக்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம், விளையாட்டுப் பயிற்சிக்காக மாணவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. காலையில் பள்ளிக்கு வரும் வழியில், சாலையோரக் கடையில் பத்து லிட்டர் கேன் நிறையக் கரும்புச்சாறு வாங்கினேன். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்துப் பிழிந்தது, பனிக்கட்டியும் போட்டிருந்தது. பயிற்சி முடிந்து பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தபோது மணி இரண்டு. நிறம் நன்றாகவே இருந்தது. இலேசான புளிப்பு இருந்ததை எலுமிச்சைப் புளிப்பு என்றே நினைத்தேன். மாலைக்குள் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புசர்க்கரைக் கரைசல் கொடுத்து, இருவருக்கு மட்டும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் அனைவரும் நலமாகிவிட்டார்கள். ஆனால் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. "டீச்சர், நீங்களே வாங்கிக் குடுத்தீங்க. கெட்டுப்போச்சுன்னு பாத்தா தெரியாதா?"

பார்த்தால் தெரியுமா, தெரியாதா? அந்தக் கேள்வியையே எட்டாம் வகுப்புக்கு ஆய்வாகக் கொடுத்தேன்.

வண்டிக்காரர் சொன்னது

முதலில் மாணவர்கள் ஐந்து பேருடன் கரும்பு ஜூஸ் வண்டிக்குச் சென்றேன். அந்த அண்ணன் ஒளிக்காமல் பேசினார். "காலையில புழிஞ்சத மத்தியானம் நாங்களே குடிக்க மாட்டோம் டீச்சர். கேன்ல புடிச்சுக் கேக்குறவங்களுக்கு, ஒரு மணி நேரத்துல குடிச்சிடுங்கன்னு சொல்லித்தான் குடுப்பேன்." காலையில் முதலில் பிழியும் ஒரு கரும்பின் சாற்றை அவர் கீழே கொட்டிவிடுகிறார். முந்தைய இரவு உருளைகளின் இடுக்கில் தங்கிய சாறும் சக்கையும் அதோடு போய்விடும் என்றார். ஆய்வு முழுவதற்கும் சாவியாக இருந்தது அவர் சொன்ன இந்த ஒரு செய்திதான்.

மாணவர்களில் பாதிப்பேர் கரும்பு விவசாயிகளின் பிள்ளைகள். வெட்டிய கரும்பை முண்டியம்பாக்கம் ஆலைக்குச் சீக்கிரம் கொண்டுபோகாவிட்டால் எடையும் இனிப்பும் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். கரும்பை வெட்டியதுமே அதற்குள் இருக்கும் இன்வர்டேஸ் என்னும் நொதி, சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கத் தொடங்குகிறது. வெட்டுவாய் வழியாக நுண்ணுயிர்கள் நுழைகின்றன. "முழுக் கரும்புக்கே அப்படின்னா, புழிஞ்ச சாறு எப்படி டீச்சர் தாங்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எங்கள் ஆய்வு அங்கிருந்து தொடங்கியது.

எப்படிச் செய்தோம்

காலை ஒன்பதரை மணிக்குக் கண்ணெதிரே பிழிந்த மூன்று லிட்டர் சாற்றை வாங்கி வந்தோம். எலுமிச்சை, இஞ்சி, பனிக்கட்டி எதுவும் சேர்க்கவில்லை. அதை நான்கு பங்காகப் பிரித்தோம். முதல் பங்கை அப்படியே வகுப்பறையில் வைத்தோம். இரண்டாவதில் ஒரு டம்ளருக்கு அரை எலுமிச்சம்பழம் வீதம் பிழிந்தோம். மூன்றாவதை, பனிக்கட்டி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வைத்தோம். பனிக்கட்டி சாற்றுக்குள் விழாமல் வெளியே மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். நான்காவதைச் சத்துணவுக் கூடத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆற விட்டோம்.

ஒவ்வொரு பங்கிலும் ஒரு டம்ளரைப் பார்க்கவும் முகரவும் வைத்துக்கொண்டோம். மீதியை அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, அதன் வாயில் ஒரு பலூனை இழுத்து மாட்டினோம். கண்ணாடிப் பாட்டிலை இறுக மூடி வைக்கவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்தால் அது வெடிக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறம், மணம், நுரை, பலூன் ஆகியவற்றைக் குறித்தோம். ஒரு துளியை pH தாளில் வைத்து அளவும் எடுத்தோம். ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதிவைத்தேன்: யாரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. அன்று வகுப்பறை வெப்பநிலை 33 டிகிரி.

என்ன கண்டோம்

பதினொன்றரைக்குள் முதல் டம்ளரின் பச்சை கலந்த மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பானது. இந்த நிறமாற்றத்துக்குக் கிருமி காரணமல்ல. கரும்பில் இயல்பாகவே உள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. நறுக்கிய ஆப்பிளும் கத்தரிக்காயும் கறுப்பது இதே காரணத்தால்தான். ஆகவே பழுப்பு நிறம் நேரம் கடந்துவிட்டது என்பதைக் காட்டுமே தவிர, கிருமி பெருகிவிட்டது என்பதற்கு அது சான்றாகாது.

எலுமிச்சை சேர்த்த டம்ளர் அதே நேரத்தில் பளிச்சென்று இருந்தது. அமிலம் அந்த நொதியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. மார்ச் மாதம் நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான் என்று அப்போது புரிந்தது.

பிற்பகல் மூன்றரைக்கு முதல் டம்ளரின் விளிம்பில் நுரை வளையம் கட்டியிருந்தது. "கள்ளு வாசன வருது டீச்சர்" என்றான் ஒருவன். காலையில் ஐந்தரை அளவில் இருந்த pH நாலரைக்கு இறங்கியிருந்தது. எலுமிச்சை டம்ளர் அப்போதும் நிறம் மாறவில்லை. எலுமிச்சையால் அதன் pH தொடக்கத்திலேயே குறைவாக இருந்ததால் தாளிலும் மாற்றம் தெரியவில்லை. ஆனால் அதன் பாட்டிலில் மாட்டிய பலூன் மெல்லத் தலைதூக்கத் தொடங்கியிருந்தது. கண்ணும் தாளும் காட்டாததைப் பலூன் காட்டியது.

மறுநாள் காலையில் முதல் இரண்டு பலூன்களும் நிமிர்ந்து நின்றன. முதல் டம்ளரில் குச்சியை விட்டுத் தூக்கினால் சாறு சற்றுக் கொழகொழப்பாக வந்தது. லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா, சுக்ரோஸிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்னும் பிசுபிசுப்பான பொருளைச் செய்கிறது. சர்க்கரை ஆலைகளில் பழைய கரும்பை அரைக்கும்போது தொல்லை தருவதும் இதுதான். பலூனை நிமிர்த்தியது ஈஸ்ட். சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும் நொதித்தலைப் பாடநூலில் படித்திருந்த மாணவர்கள், அன்று அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பனிக்கட்டிப் பெட்டியில் இருந்த சாறு மாலை வரை ஏறக்குறைய அப்படியே இருந்தது. இரவில் பனி உருகிய பிறகு அதுவும் காலையில் இலேசாக நுரைத்திருந்தது. கொதிக்க வைத்த சாறு மட்டும் மறுநாளும் மாறவில்லை, பலூனும் தொங்கிக்கொண்டே இருந்தது. அதே சாறு, அதே சர்க்கரை, அதே அறை. வெப்பம் கொன்ற ஏதோ ஒன்றுதான் மற்றவற்றைக் கெடுத்தது என்ற முடிவுக்கு மாணவர்கள் தாங்களாகவே வந்தார்கள். கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்பதை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை.

இளநீர் ஏன் மெதுவாகக் கெட்டது?

அடுத்த வாரம் மூன்று இளநீர் வாங்கினோம். ஒன்றை வெட்டவே இல்லை. ஒன்றை வெட்டி, கொதிநீரில் கழுவிய பாட்டிலில் ஊற்றி மூடினோம். மற்றொன்றை, குழாய்த் தண்ணீரில் அலசிய பழைய பாட்டிலில் ஊற்றினோம். மாலை வரை இரண்டு பாட்டில்களிலும் பெரிய மாற்றமில்லை. மறுநாள் காலையில் பழைய பாட்டிலில் இருந்தது கலங்கி, புளித்து, குமிழி விட்டிருந்தது. கொதிநீரில் கழுவிய பாட்டிலில் கலங்கல் குறைவு. வெட்டாத இளநீரை அப்போதுதான் வெட்டினோம். உள்ளே தண்ணீர் தெளிவாக, நல்ல மணத்துடன் இருந்தது.

காரணம் எளிது. கரும்பு மண்ணோடு நிற்கிறது. அதன் தோலிலும் கணுவிலும் மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கின்றன. உருளையில் நசுக்கும்போது அவை அப்படியே சாற்றில் கலந்துவிடுகின்றன. உருளையில் மிச்சமிருக்கும் நேற்றைய சாறும் சேர்கிறது. வண்டிக்கார அண்ணன் முதல் சாற்றைக் கொட்டுவது இதற்காகத்தான். இளநீரோ, மட்டையும் ஓடும் சேதமில்லாமல் இருக்கும்வரை உள்ளே கிருமியற்றது. அதைக் கெடுப்பவை அரிவாள், கை, ஸ்ட்ரா, பாட்டில் என்று வெளியிலிருந்து வருபவை மட்டுமே. ஆகவே தொடக்கத்தில் கிருமி குறைவு, கெடும் நேரமும் அதிகம்.

ஆனால் இளநீருக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. ஓட்டில் உள்ள மூன்று கண்களில் ஒன்று மென்மையானது. முளை வெளிவருவது அதன் வழியாகத்தான். அழகுக்காகவும் எடை குறையவும் மட்டையை முழுக்கச் சீவி, வெள்ளையாக அடுக்கி விற்கும் இளநீரில் அந்தக் கண்ணுக்கு மேலே பாதுகாப்பு மெலிந்துவிடுகிறது. அப்படிச் சீவிய இளநீரைக் கெடாமல் வைக்கக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் ஒரு முறையை உருவாக்கியிருக்கிறது. சீவிய இளநீரை 0.5 சதவீத சிட்ரிக் அமிலமும் 0.5 சதவீத பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டும் கலந்த கரைசலில் மூன்று நிமிடம் முக்கி எடுக்கிறார்கள். பிறகு 5 முதல் 7 டிகிரி குளிரில் வைத்தால் 24 நாள் வரை தாங்கும். இங்கே கவனிக்க வேண்டியது கடைசிச் சொற்றொடர். கரைசல் மட்டும் போதாது, குளிரும் விடாமல் இருக்க வேண்டும்.

ஒரு மடக்கு

அந்தக் குளிர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வை ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் சொன்னேன். 2021-ல் டென்மார்க் நாட்டில் 69 வயதான ஒருவர், ஸ்ட்ராவோடு விற்கப்படும் சீவிய இளநீர் ஒன்றை வாங்கினார். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியதை, சமையலறை மேசையில் ஒரு மாதம் வைத்திருந்தார். பிறகு ஸ்ட்ராவால் ஒரு சிறு அளவு உறிஞ்சினார். சுவை மோசமாக இருந்ததால் உடனே நிறுத்திவிட்டார். சில மணி நேரத்தில் வியர்வை, குமட்டல், வாந்தி, குழப்பம் ஏற்பட்டன. மருத்துவமனையில் சேர்த்தும் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார்.

அந்த இளநீரில் ஆர்த்ரினியம் சாக்கரிகோலா என்னும் பூஞ்சையும், அது உண்டாக்கிய 3-நைட்ரோபுரோபியோனிக் அமிலம் என்னும் நஞ்சும் கண்டறியப்பட்டன. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதியை அந்த நஞ்சு முடக்குகிறது. ஆற்றல் அதிகம் தேவைப்படும் மூளை முதலில் தாக்கப்படுகிறது. கிரெப் சுழற்சியை நடத்தும் ஆசிரியர்கள் இதை அங்கேயே சொல்லலாம்.

சாக்கரிகோலா என்ற பெயருக்குக் கரும்பில் வாழ்வது என்று பொருள். இதே நஞ்சு 1970-களிலும் 80-களிலும் வட சீனாவில் பலரைப் பாதித்தது. தெற்கிலிருந்து வந்த கரும்பைக் குளிர்காலம் முழுவதும் அடுக்கி வைத்து, பூஞ்சை பிடித்த பின் வசந்தத்தில் தின்றவர்கள் நோயுற்றார்கள். அவர்களில் குழந்தைகள் அதிகம். இறந்தவர்களும் உண்டு, பிழைத்தவர்களில் சிலருக்குக் கை கால் இயக்கம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கரும்பும் இளநீரும் ஒரே நஞ்சில் வந்து சேர்ந்தது மாணவர்களை வியக்க வைத்தது.

இது அரிதான நிகழ்வு, சாலையோர இளநீரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். கண்ணெதிரே வெட்டிய இளநீர் பாதுகாப்பானது. பல நாள் வெப்பத்தில் கிடந்த, முன்பே சீவிய அல்லது துளையிட்ட இளநீர்தான் கேள்விக்குரியது. உள்ளே சிவந்தோ பழுப்பாகவோ பூஞ்சை படர்ந்தோ இருக்கும் கரும்பைத் தின்னவும் கூடாது, பிழியவும் கூடாது.

மூக்குக்குத் தெரியாதது

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். புளிப்பும் நுரையும் கள் வாசனையும் ஈஸ்ட்டும் அமிலம் செய்யும் பாக்டீரியாக்களும் விட்டுச்செல்லும் அடையாளங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை கையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பனிக்கட்டியிலிருந்தும் வருகின்றன. நிறத்தையும் மணத்தையும் மாற்றாமலே அவை நோயுண்டாக்கும் அளவுக்கு இருக்க முடியும். எங்கள் pH தாளும் பலூனும் அவற்றைக் காட்டுவதில்லை. ஆய்வின் இந்த எல்லையை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. பலூன் எழவில்லை என்பதால் குடிக்கலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கால் காட்டினேன். ஒரு மில்லிலிட்டரில் 1,000 பாக்டீரியாக்கள் இருப்பதாகவும், வெயில் காலத்தில் அரை மணிக்கு ஒருமுறை அவை இரட்டிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 4,000. இரண்டு மணி நேரத்தில் 16,000. நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டித்து 2,56,000. நான் கேனை வாங்கியதற்கும் பிள்ளைகளுக்கு ஊற்றியதற்கும் இடையே ஐந்து மணி நேரம். பத்து இரட்டிப்பு, அதாவது 10,24,000. இரண்டின் அடுக்குகளை நடத்தும் கணித ஆசிரியர் இதே கணக்கைக் கையாளலாம்.

பனிக்கட்டி போட்டிருந்ததே என்று கேட்கலாம். கேனில் போட்ட பனி ஒரு மணி நேரத்தில் உருகிவிடுகிறது, பிறகு குளிர் இல்லை. அது எந்தத் தண்ணீரில் செய்ததோ அந்தத் தண்ணீர் மட்டும் சாற்றில் மிஞ்சுகிறது. மீன் முதலியவற்றைக் குளிரூட்டச் செய்யும், உண்ணத் தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் அறிவுறுத்தியது இதனால்தான்.

பாட்டிலைப் படித்தல்

கடைசி வகுப்பில் மாணவர்கள், காலியான கரும்புச்சாறு, இளநீர்ப் பாட்டில்களைக் கொண்டுவந்தார்கள். சிலவற்றில் லேபிளே இல்லை. பிழிந்து ஊற்றி மூடியது, எப்போது என்று தெரியாது. லேபிள் உள்ளவற்றில் நான்கைத் தேடச் சொன்னேன்: 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, எப்படி வைக்க வேண்டும் என்ற குறிப்பு. நான்காவதில்தான் விவாதம் சூடுபிடித்தது. ஒரு பாட்டிலில் குளிரில் வைக்கவும் என்று அச்சிட்டிருந்தது. "கடையில வெளியதான டீச்சர் தொங்கவிட்டிருந்தாங்க" என்றான் அதைக் கொண்டுவந்தவன். வெப்பத்தால் முறையாகப் பதப்படுத்தி, காற்றுப் புகாமல் அடைத்தது வெளியே இருக்கலாம். குளிரை நம்பி அடைத்தது வெளியே வந்த நிமிடத்திலிருந்து லேபிளில் உள்ள தேதியை இழந்துவிடுகிறது. உப்பிய பாட்டிலும், திறக்கும்போது சீறும் இளநீரும் எங்கள் பலூன் சொன்ன அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

வகுப்பில் செய்ய விரும்புவோருக்கு

தொடக்க வகுப்புகளுக்கு, அப்படியே வைத்தது, கொதிக்க வைத்தது என இரண்டு பாட்டிலும் இரண்டு பலூனும் போதும். காலையில் வைத்து மறுநாள் காலையில் பார்க்கலாம். உயர்நிலை வகுப்புகளில் நான்கு பங்கையும் செய்து, மணிக்கணக்கில் வரைபடம் போடலாம். ஆய்வு முடிந்ததும் எல்லாவற்றையும் ஆசிரியரே கொட்டி, பாட்டில்களை அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளை யாரேனும் கெட்ட பானத்தைக் குடித்து வாந்தி எடுத்தால், குடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மீதிப் பானத்தை எடுத்து வையுங்கள். குழப்பமோ மயக்கமோ வலிப்போ தெரிந்தால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

இந்த ஆண்டு விளையாட்டுப் பயிற்சிக்கு நான் கேன் வாங்கவில்லை. வண்டிக்கார அண்ணனையே பள்ளி வாயிலுக்கு வரச் சொன்னேன். பிள்ளைகள் வரிசையில் நின்று, பிழியப் பிழிய வாங்கிக் குடித்தார்கள், பனிக்கட்டி இல்லாமல். முதல் கரும்பின் சாற்றை அவர் கொட்டுகிறாரா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் போய் நின்று பார்த்தார்கள். கொட்டினார். அந்தத் தாயிடமும் பதில் சொல்லிவிட்டேன்: "பாத்தா தெரியாதும்மா. எப்பப் புழிஞ்சதுன்னு கேட்டாத்தான் தெரியும்."